டயறிக் குறிப்பு: "அவன் நாளையும் வர மாட்டாது" – இதில் எது பிழை?

பூநகரி அம்மா · புதன், இரவு 7.40

எல்லாருக்கும் வணக்கம். தரம் 4 படிக்கிற மகனுக்கு வருத்தம். திங்கள் இரவு காய்ச்சல் தொடங்கினது. பாடசாலை டயறியில் வகுப்பாசிரியருக்குக் குறிப்பு எழுதி, நாளை காலை மூத்த மகளிடம் கொடுத்துவிடப் போகிறேன். அவளும் அதே பாடசாலைதான். எழுதி முடித்துவிட்டு வாசித்துப் பார்த்தால் ஏதோ சரியில்லாத மாதிரி இருக்கிறது, ஆனால் எது என்று பிடிபடவில்லை. எழுவாயும் வினையும் பொருந்துகிறதா, காலம் சரியா என்று மட்டும் பார்த்துச் சொல்லுங்கள். அப்படியே தருகிறேன்:

> மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,
> எனது மகனுக்கு திங்கட்கிழமை இரவில் இருந்து காய்ச்சல் வந்து பாடசாலைக்கு வரவில்லை. இருமலும் தடிமனும் இருக்கிறது. நேற்று டொக்டரிடம் காட்டினோம். மருந்துகள் தரப்பட்டது. மகன் சாப்பிடுவதில்லை, கஞ்சி மட்டும் குடித்தார். இன்று காய்ச்சல் இல்லை. அவன் நாளையும் வர மாட்டாது. விடுபட்ட பாடங்களை தந்து உதவுமாறு கேட்டுக்கொள்கின்றோம்.
> இப்படிக்கு,
> தாய்

கோவை வாசகன் · 7.52

பையனுக்கு என்ன வருத்தம், அம்மா? பள்ளியில் யாராவது திட்டினார்களா? காய்ச்சலே அந்தக் கவலையில் வந்திருக்கலாம். அதையும் ஆசிரியருக்கு ஒரு வரி எழுதிவிடுங்கள். "தடிமன்" என்பதைச் "சளி" என்று மாற்றினால் எல்லோருக்கும் புரியும்.

முறிகண்டி · 7.55

தம்பி, எங்கட பக்கம் வருத்தம் என்றால் நோய். "பிள்ளைக்கு வருத்தம்" என்றால் சுகமில்லை என்றுதான் அர்த்தம், கவலை இல்லை. தடிமனும் அப்படியே இருக்கட்டும். வாசிக்கப்போவது பூநகரி ரீச்சர்.

செம்மண் · 8.03

மூன்று பிழை எனக்குத் தெரிகிறது. "இருமலும் தடிமனும்" இரண்டு பொருள், ஆகவே "இருக்கின்றன". "மருந்துகள்" பன்மை, ஆகவே "தரப்பட்டன". மூன்றாவது, "திங்கட்கிழமை இரவில் இருந்து" என்று இறந்தகாலத்தைச் சொல்லித் தொடங்கினால் எல்லா வினையும் இறந்தகாலமாகத்தான் வரவேண்டும். அதனால் "இருமலும் தடிமனும் இருந்தன" என்றே முடியுங்கள். "மகனுக்கு", "பாடங்களை" இரண்டுக்கும் பின்னால் த் வரவேண்டும், அதையும் போடுங்கள்.

நெடுங்கேணி ஆசிரியர் · 8.21

செம்மண் சொன்ன முதல் இரண்டும் சரி. த் போடுவதும் சரி, ஆனால் அக்கா கேட்டது அது இல்லை. மூன்றாவதை நான் ஏற்கமாட்டேன். "இருந்து" என்பது தொடங்கிய இடத்தைத்தான் காட்டும். தொடங்கியது முடிந்ததா, இன்னும் ஓடுகிறதா என்பதை வினைதான் சொல்லவேண்டும். "திங்களில் இருந்து இருமல் இருக்கிறது" என்றால் இப்போதும் இருமுகிறான். "திங்களில் இருந்து இருமல் இருந்தது" என்றால் இடையில் நின்றுவிட்டது என்று வாசிப்பவர் எடுத்துக்கொள்வார். பிள்ளை இன்னும் இருமுகிறான் என்றால் இறந்தகாலம் போடுவது தகவலையே மாற்றிவிடும்.

இந்தக் குறிப்பில் எல்லாவற்றையும்விடப் பெரிய சிக்கல் வேறொன்று. எழுதுவது புதன் இரவு, வாசிப்பது வியாழன் காலை. "நேற்று", "இன்று", "நாளை" மூன்றும் எழுதுபவரின் நாளை வைத்து எழுதியவை. ரீச்சர் வியாழன் காலை டயறியைத் திறக்கும்போது "இன்று காய்ச்சல் இல்லை" என்பது வியாழனாகிவிடும், "நாளையும் வர மாட்டாது" என்பது வெள்ளியாகிவிடும். வியாழன் பிள்ளை ஏன் வரவில்லை என்பதற்கு குறிப்பில் பதிலே இருக்காது. காய்ச்சல் இல்லாத பிள்ளையை ஏன் வீட்டில் வைத்திருக்கிறார்கள் என்றுகூட நினைக்கலாம். ஆகவே முதலில் மேலே "புதன் இரவு" என்று எழுதுங்கள், உள்ளே கிழமைப் பெயர்களை மட்டும் போடுங்கள். செவ்வாய் காட்டினோம், புதன் மதியத்துக்குப் பிறகு காய்ச்சல் இல்லை, வியாழனும் வெள்ளியும் வர இயலாது. அதன் பிறகு காலம் பற்றிய குழப்பத்தில் பாதி தானாகத் தீர்ந்துவிடும்.

பூநகரி அம்மா · 8.30

நன்றி ஐயா. இதை நான் யோசிக்கவே இல்லை. இருமல் இன்னும் இருக்கிறது, ஆகவே "இருக்கின்றன" என்றே விடுகிறேன். முதல் வசனத்தில் என்ன பிழை? வாசிக்கும்போது அங்கேதான் தடக்குப்படுகிறது.

நெடுங்கேணி ஆசிரியர் · 8.44

"காய்ச்சல் வந்து பாடசாலைக்கு வரவில்லை" என்பதில் "வந்து" யாருடைய வேலை? காய்ச்சலுடையது. "வரவில்லை" யாருடையது? மகனுடையது. "வந்து, போய், சாப்பிட்டு" என்று நிற்கும் எச்சம் முற்றுவினையின் எழுவாயையே தேடிப் போகும். அப்படிப் பார்த்தால் காய்ச்சல் வந்தது, அந்தக் காய்ச்சலே பாடசாலைக்கு வரவில்லை என்று ஆகிறது. அதோடு வசனத்தில் "மகன்" என்ற எழுவாயே இல்லை. "மகனுக்கு" என்று நான்காம் வேற்றுமையில் மட்டும்தான் இருக்கிறான். அவனுக்கு வந்தது காய்ச்சல், ஆகவே வினை காய்ச்சலோடுதான் பொருந்தும். "மகனுக்குக் காய்ச்சல் இருந்தான்" என்று யாரும் எழுதுவதில்லை அல்லவா, அதே காரணம்தான்.

இரண்டாக உடையுங்கள். "மகனுக்குத் திங்கட்கிழமை இரவு காய்ச்சல் தொடங்கியது. அதனால் அவன் செவ்வாயும் புதனும் பாடசாலைக்கு வரவில்லை." முதல் வசனத்துக்கு காய்ச்சல் எழுவாய், இரண்டாவதுக்கு அவன். ஒரே வசனமாக வேண்டுமென்றால் "காய்ச்சல் வந்ததால் அவன் வரவில்லை". "ஆல்" காரணத்தைக் காட்டுவதால் இரண்டு பக்கத்துக்கும் வேறுவேறு எழுவாய் இருக்கலாம்.

முறிகண்டி · 8.50

சேர், நாங்கள் எல்லாரும் "காய்ச்சல் வந்து பள்ளிக்கூடம் போகேல்ல" என்றுதானே கதைக்கிறோம். "மழை பெய்து குளம் நிறைந்தது" என்று எழுதினால் யாரும் பிழை என்று சொல்வதில்லை. அங்கே பெய்தது மழை, நிறைந்தது குளம். இரணைமடுவைப் பற்றி எழுதினாலும் அப்படித்தான் எழுதுவோம்.

நெடுங்கேணி ஆசிரியர் · 9.02

நல்ல கேள்வி. மழையும் குளமும் காரணமும் விளைவுமாக ஒட்டி நிற்பதால் அந்த வசனம் காதில் உறுத்துவதில்லை. அதை நான் பிழை என்று சொல்லமாட்டேன். "கால் முறிந்து விழுந்தான்" என்பதும் அப்படித்தான், கால் அவனுடைய உறுப்பு. காய்ச்சலை அந்த வரிசையில் சேர்க்கலாமா என்று கேட்டால், பேச்சில் சேர்க்கலாம். எழுத்தில் எனக்கு மனம் ஒப்பவில்லை, அதிலும் இங்கே "வந்து", "வரவில்லை" என்று ஒரே வினையே இரண்டு தடவை வருவதால் தடக்கல் இன்னும் கூடுகிறது.

முறிகண்டி · 9.05

மனம் ஒப்பவில்லை என்பது விதி ஆகாது சேர். நான் அதை ஏற்கவில்லை. ஆனால் உடைத்து எழுதினால் வாசிக்கச் சுகம் என்பது உண்மைதான்.

செம்மண் · 9.10

"வர மாட்டாது" பற்றி யாரும் சொல்லவில்லை. அவன் என்றால் "மாட்டான்". இதில் விவாதமே இல்லை. பிள்ளை உயர்திணை, எப்போதும் உயர்திணை முடிபுதான்.

நெடுங்கேணி ஆசிரியர் · 9.26

"அவன் மாட்டாது" பிழை, அதில் நீங்கள் சொல்வது சரி. ஆனால் அது எங்கிருந்து வந்தது என்று பார்க்கவேண்டும், இல்லாவிட்டால் அடுத்த குறிப்பிலும் வரும். எங்கட வீடுகளில் "பிள்ளை சாப்பிடுது", "பிள்ளை நித்திரை கொள்ளுது", "பிள்ளை வரமாட்டுது" என்றுதான் கதைப்பு. மனதில் "பிள்ளை" என்று வைத்துக்கொண்டு வினையை முடிக்கிறோம், கை மட்டும் எழுவாயில் "அவன்" என்று எழுதிவிடுகிறது.

பிள்ளை எப்போதும் உயர்திணை முடிபுதான் என்பதும் முழுக்கச் சரியில்லை. மகவு, குழவி போன்ற சொற்கள் உயர்திணைப் பொருளைக் குறித்தாலும் அஃறிணைபோல முடியும் என்று தொல்காப்பியம் கிளவியாக்கத்தில் பட்டியலே இருக்கிறது. "குழந்தை அழுகிறது" என்று இன்றும் எழுதுகிறோம். ஆகவே "பிள்ளை வராது" என்று எழுதினால் நான் வெட்டமாட்டேன். "அவன்" என்று எழுதிய பிறகு "மாட்டாது" வந்தால் மட்டும்தான் வெட்டுவேன்.

இன்னொன்று. "வர மாட்டான்" இலக்கணப்படி சரி, ஆனால் அதில் வர மறுக்கிறான் என்ற சாயலும் கொஞ்சம் உண்டு. காய்ச்சல் குறிப்புக்கு "அவனால் வர இயலாது" அல்லது "வர முடியாது" நல்லது. "அவனால்" என்று வந்தபின் வினை எப்போதும் "இயலாது" என்றே நிற்கும். மகளுக்கு எழுதினாலும் இரண்டு பிள்ளைகளுக்கு எழுதினாலும் மாற்றத் தேவையில்லை. அவசரத்தில் எழுதும்போது பிழை வர இடமே இல்லை.

மல்லாவி அப்பா · 9.33

எங்கட மகளுக்கும் போன கிழமை காய்ச்சல். இப்ப சுகம், திங்கள் போகப்போறாள். குறிப்பை அவளே கொண்டுபோவாள். அப்ப "காய்ச்சல் இருக்கிறது" என்று எழுதலாமா, "இருந்தது" என்று எழுதலாமா? எங்கட ரீச்சர் வாட்ஸ்அப்பிலயும் அனுப்பச் சொல்லுவா.

நெடுங்கேணி ஆசிரியர் · 9.41

பிள்ளையே டயறியைக் கொண்டு வகுப்பில் நின்றால் எல்லாம் முடிந்த கதை. "செவ்வாய் முதல் வெள்ளி வரை காய்ச்சல் இருந்தது. அதனால் பாடசாலைக்கு வரவில்லை." "வரை" வந்துவிட்டதால் "இருக்கிறது" போட முடியாது. "நான்கு நாட்களாகக் காய்ச்சல் இருக்கிறது" என்று எழுதிப் பிள்ளை கையிலேயே கொடுத்தால், காய்ச்சலோடு பிள்ளையை அனுப்பியிருக்கிறார்கள் என்று ரீச்சர் நினைப்பார். "நாட்களாக" இன்னும் தொடர்கிறது என்று காட்டும், "நான்கு நாட்கள்" முடிந்துவிட்டது என்று காட்டும். அந்த "ஆக" ஒன்றுதான் வித்தியாசம். "வரவில்லை" மட்டும் இரண்டு குறிப்பிலும் அப்படியே இருக்கும், அது ஆளுக்கும் மாறாது, பாலுக்கும் மாறாது.

வாட்ஸ்அப்பில் அனுப்பினால் நேரம் தானாகப் பதிவாகும். ஆனால் ரீச்சர் எப்போது திறப்பார் என்று தெரியாது, ஆகவே கிழமைப் பெயரை விடாதீர்கள்.

தாதி, துணுக்காய் · 9.58

இலக்கணம் நீங்கள் பாருங்கள். நான் "இன்று காய்ச்சல் இல்லை" என்ற வரியில் நிற்கிறேன். பூநகரி அக்கா, திங்கள் இரவு தொடங்கினால் திங்களை முதலாம் நாளாக எண்ணிப் புதன் மூன்றாம் நாள். காய்ச்சல் எத்தனை மணிக்கு விட்டது? கடைசியாகப் பனடோல் எப்போது கொடுத்தீர்கள்? பனடோல் கொடுத்து இரண்டு மூன்று மணித்தியாலத்துக்குள் சூடு குறைந்தால் அதைக் காய்ச்சல் இல்லை என்று எடுக்க முடியாது.

டெங்கு என்றால் காய்ச்சல் விடுகிற நேரம்தான் கவனமாகப் பார்க்கவேண்டிய நேரம். பிள்ளை சுகமாகிவிட்டான் என்று வீட்டார் நினைக்கிற அதே நேரத்தில்தான் இரத்தக் குழாயில் இருந்து நீர் கசியத் தொடங்கும். மூன்றாம் நாள் எஃப்.பி.சி. இரத்தப் பரிசோதனை செய்தீர்களா? செவ்வாய் காட்டியபோது எடுத்திருந்தாலும் அது பிந்திய நாட்களுக்கு விடை சொல்லாது. நாளை காலை பக்கத்து வைத்தியசாலையில் எடுத்துவிடுங்கள், காய்ச்சல் விட்டிருந்தாலும். வயிற்று வலி, விடாத வாந்தி, சோர்ந்து போய்க் கிடப்பது, சிறுநீர் குறைவது, முரசிலோ மூக்கிலோ இரத்தம், இதில் எது கண்டாலும் விடியும் வரை காத்திருக்க வேண்டாம். பனடோலைத் தவிர வேறு காய்ச்சல் மருந்து, முக்கியமாக புரூஃபன், கொடுக்காதீர்கள்.

பூநகரி அம்மா · 10.06

கடைசியாகக் காலை ஏழு மணிக்குப் பனடோல். பிறகு கொடுக்கவில்லை. மதியம் ஒரு மணிக்கும் பின்னேரம் ஆறு மணிக்கும் பார்த்தபோது சூடு இல்லை. இரத்தம் எடுக்கவில்லை. நாளை காலை கொண்டுபோகிறோம். வாந்தி இல்லை, சிறுநீர் வழமைபோல் போகிறான். நன்றி பிள்ளை.

நெடுங்கேணி ஆசிரியர் · 10.15

இரத்தம் எடுக்கப் போவதுதான் முதல் வேலை. குறிப்பைப் பற்றிச் சொன்னால், அக்கா இப்போது எழுதியதே குறிப்பில் போகவேண்டியது. "பார்த்தபோது சூடு இல்லை" என்பதில் "இல்லை"க்குத் தனியாகக் காலம் கிடையாது. பக்கத்தில் "பார்த்தபோது" இருப்பதால் இறந்தகாலம் என்று புரிகிறது. அந்தத் துணை இல்லாமல் "காய்ச்சல் இல்லை" என்று மட்டும் நின்றால் வாசிக்கும் நேரத்தையே சொல்லும். "புதன் மதியத்துக்குப் பிறகு காய்ச்சல் இருக்கவில்லை" என்று எழுதினால் உங்களுக்குத் தெரிந்த நேரத்தோடு நிற்கும். வியாழன் காலை எப்படி இருக்கும் என்று புதன் இரவு எழுதுபவருக்குத் தெரியாது அல்லவா?

செம்மண் · 10.20

"இருக்கவில்லை" செயற்கையாக இருக்கிறதே. "இல்லை" என்றால் எல்லாருக்கும் புரியும்.

முறிகண்டி · 10.22

எங்கட பக்கம் தாராளமாகப் புழங்குகிற சொல். "நேற்று அவர் வீட்டில் இருக்கவில்லை" என்றுதானே எழுதுவோம்.

நெடுங்கேணி ஆசிரியர் · 10.37

இன்னும் இரண்டு இடம் இருக்கிறது. "மகன் சாப்பிடுவதில்லை" என்றால் அது வழக்கம். இந்தப் பிள்ளை எப்போதுமே சாப்பிடுவதில்லை என்று பொருள் போகும். காய்ச்சலில் சாப்பிடாததைச் சொல்ல "சாப்பிடவில்லை". அதே வசனத்தில் "குடித்தார்" என்று மரியாதையில் முடித்து, இரண்டு வசனம் தள்ளி "அவன்" என்கிறீர்கள். எதையாவது ஒன்றைப் பிடியுங்கள். கடைசியில் "கேட்டுக்கொள்கின்றோம்" என்று எழுதிக் கீழே "தாய்" என்று ஒருவர் மட்டும் ஒப்பமிடுகிறீர்கள். ஒருவர் என்றால் "கேட்டுக்கொள்கிறேன்". "காட்டினோம்" அப்படியே இருக்கலாம், வைத்தியரிடம் கொண்டுபோனது இரண்டு பேரும்.

"மருந்துகள் தரப்பட்டன" திருத்தம் சரி. ஆனால் "அவர் மருந்து தந்தார்" என்றால் தந்தவர் யார் என்பதும் தெரிகிறது, பன்மைச் சிக்கலும் வராது.

மல்லாவி அப்பா · 10.44

சேர், நாங்கள் பிள்ளைகளை "மகன் வந்தார், மகள் படிக்கிறா" என்றுதான் கதைப்போம். டயறியில் "அவன்" என்று எழுதினால் மரியாதைக் குறைவாகத் தெரியாதா?

நெடுங்கேணி ஆசிரியர் · 10.50

தெரியாது. ஆசிரியருக்கு எழுதும்போது சொந்தப் பிள்ளையை "அவன்" என்பதுதான் முறை என்று நான் நினைக்கிறேன். மரியாதை ஆசிரியருக்கு.

தாதி, துணுக்காய் · 10.53

எனக்கு "அவர்" தான் பிடிக்கும். பிள்ளை அந்த டயறியைத் தானும் வாசிப்பான்.

முறிகண்டி · 10.56

இரண்டும் எழுதுகிறார்கள். ஒரே குறிப்பில் இரண்டும் வராமல் இருந்தால் சரி என்று விடுவோம்.

பூநகரி அம்மா · 11.10

எழுதிவிட்டேன். கடைசியாக ஒருதரம் பாருங்கள்:

> புதன்கிழமை, இரவு
> மதிப்பிற்குரிய வகுப்பாசிரியருக்கு,
> எனது மகனுக்குத் திங்கட்கிழமை இரவு காய்ச்சல் தொடங்கியது. அதனால் அவன் செவ்வாயும் புதனும் பாடசாலைக்கு வரவில்லை. செவ்வாய் மாலை டொக்டரிடம் காட்டினோம். அவர் மருந்து தந்தார். புதன் மதியத்துக்குப் பிறகு காய்ச்சல் இருக்கவில்லை. இருமலும் தடிமனும் இன்னும் இருக்கின்றன. இரண்டு நாளும் அவன் ஒழுங்காகச் சாப்பிடவில்லை, கஞ்சி மட்டும் குடித்தான். வியாழன் காலை இரத்தப் பரிசோதனைக்குக் கொண்டுபோகிறோம். வியாழனும் வெள்ளியும் அவனால் வர இயலாது. விடுபட்ட பாடங்களை அக்காவிடம் கொடுத்துவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.
> இப்படிக்கு,
> தாய்

செம்மண் · 11.16

"வியாழன் காலை கொண்டுபோகிறோம்" என்பது நிகழ்காலம். நடக்கப்போவது எதிர்காலம். "கொண்டுபோவோம்" என்று வரவேண்டும்.

நெடுங்கேணி ஆசிரியர் · 11.24

முடிவு செய்துவிட்ட விடயத்தை நிகழ்காலத்தில் சொல்வது தமிழில் உண்டு. "நாளை வவுனியா போகிறேன்" என்றால் போவது உறுதி. "போவேன்" என்றால் கொஞ்சம் தளர்வு. ஆனால் வியாழன் காலை பத்து மணிக்கு ரீச்சர் வாசித்தால், இப்போது போய்க்கொண்டிருக்கிறார்கள் என்றும் படும். "கொண்டுபோகவுள்ளோம்" என்று போட்டால் இரண்டுக்கும் இடமில்லை. செம்மண் சுட்டியது நல்லது.

"அக்காவிடம்" என்பதிலும் ஒரு சொல் கூட்டுங்கள். யாருடைய அக்கா என்று ரீச்சருக்குத் தெரியவேண்டும். "அவனுடைய அக்காவிடம்" என்று எழுதி, அவளுடைய வகுப்பையும் போடுங்கள்.

பூநகரி அம்மா · 11.31

இரண்டையும் திருத்திவிட்டேன். மகள் தரம் 9. பிள்ளை நித்திரை, நெற்றி குளிர்ச்சியாகத்தான் இருக்கிறது. ஆறரைக்கு வைத்தியசாலைக்குக் கிளம்புகிறோம்.

தாதி, துணுக்காய் · 11.35

போகும்போது அவன் குடித்த தண்ணீர், கஞ்சியின் அளவையும் சிறுநீர் போன நேரத்தையும் ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோங்கள் அக்கா. அங்கே முதலில் அதைத்தான் கேட்பார்கள்.